ஆறு மணி வரை ‘குடிக்காம்’: எண்டோஸ்கோப்பிக்கு முன் அனுப்பும் குறிப்பை எப்படி எழுதுவது?

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தப் பெரியவர் வந்தபோது அவருடைய உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. ஆனைமலைப் பக்கத்துக்காரர். முதல் நாளே கேரள எல்லைக்குள் எங்கள் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். இரவு முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது. “காலையில் எதுவும் குடித்தீர்களா, ஐயா?” என்று கேட்டேன். “ஆறு மணி தாண்டியதும் மகள் டீ போட்டுக் கொடுத்தாள், சிஸ்டர். அதைத்தான் குடித்தேன்.” பால் ஊற்றிய டீ, ஒரு முழு டம்ளர், ஆறேகால் மணிக்கு.

பாலைத் திட உணவோடுதான் சேர்த்துக் கணக்கிடுகிறோம். குடித்து ஆறு மணி நேரம் ஆக வேண்டும். ஆறேகாலோடு ஆறு மணி நேரத்தைக் கூட்டினால் பன்னிரண்டேகால் ஆகிறது. எங்கள் எண்டோஸ்கோப்பி அறையோ பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். அவரைத் திருப்பி அனுப்பினோம். சில வாரங்களாகச் சாப்பாடு நெஞ்சில் தடைபட்டு இறங்குகிறது என்று வந்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு டம்ளர் டீக்காக இன்னொரு நாள் வரச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

தவறு அவருடையது அல்ல. முந்தைய நாள் மாலை எங்கள் பிரிவிலிருந்து தொலைபேசியில் சொன்னது மலையாளத்தில்: “ராவிலே ஆறு மணி வரெ வெள்ளம் குடிக்காம்.” காலை ஆறு மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்பது அதன் பொருள். ஆனால் மலையாளத்தில் காலையைக் குறிக்கும் ‘ராவிலே’, தமிழ்க் காதுக்கு ‘இரவிலே’. ‘குடிக்காம்’ என்பது மலையாளத்தில் அனுமதி. தமிழ்ப் பேச்சிலோ அது ‘குடிக்காமல்’ என்றே விழுகிறது. பெரியவர் இப்படி எடுத்துக்கொண்டார்: இரவிலே, ஆறு மணி வரை, தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆறு மணிக்குப் பிறகு குடிக்கலாம். ஒரு சொல்லையும் அவர் தவறவிடவில்லை. ஆனாலும் குறிப்பு முழுதாகத் தலைகீழாகிவிட்டது.

எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூக்காவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு மொழியும் பழக்கம். இந்தக் குழப்பம் அவர்களுக்கு வராது. ஆனால் எங்களிடம் வருபவர்களில் கோபாலபுரத்துக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்களும், அங்கிருந்து இங்கே மணமுடித்து வந்தவர்களும் நிறைய. வேறொரு சொல்லும் உண்டு. மலையாளத்தில் ‘கழிக்கருது’ என்றால் சாப்பிடக்கூடாது. அதை யாரோ ஒருவர் அப்படியே தமிழ் எழுத்தில் தட்டி, ‘காலையில் ஒன்றும் கழிக்கக் கூடாது’ என்று குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டார். அதைப் படித்த ஓர் அம்மா, காலைக்கடனை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பட்ட வேதனையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியவரைத் திருப்பி அனுப்பிய அன்று மாலை, குறிப்பை எந்த வடிவில் எழுதுவது என்று முடிவு செய்ய உட்கார்ந்தோம். எங்கள் முன் நான்கு வடிவங்கள் இருந்தன. நான்குமே ஏதாவது ஒரு மருத்துவமனையில் இன்றும் வழக்கத்தில் உள்ளவைதான். ஒப்பிடுவதற்கு முன், குறிப்பு எதைச் சாதிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்டையை மரக்கச் செய்து, சிலருக்கு மயக்க ஊசியும் போட்டு, கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக உள்ளே விடுகிறோம். அந்த நேரத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதைத் தடுக்க வேண்டிய இருமல் அப்போது மந்தமாக இருக்கும். இரண்டாவது, இரைப்பைச் சுவரில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் புண்ணோ சிறு கட்டியோ கண்ணுக்குத் தெரியாமல் போகும். இதற்காகத்தான் பொதுவான கணக்கு: எளிய உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம். எண்ணெயில் பொரித்ததும் இறைச்சியும் இரைப்பையை விட்டு மெதுவாக நகர்வதால் அவற்றுக்கு எட்டு மணி நேரம் தருவது நல்லது.

முதல் வடிவம்: ‘வெறும் வயிற்றில் வரவும்.’ மூன்று சொல்லில் முடிகிறது, இரண்டு மொழிக்கும் பொது என்று இதை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் ‘வெறும் வயிறு’ என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொருள் இருக்கிறது. காலைக் காபி குடித்தவர் தன்னை வெறும் வயிற்றுக்காரராகவே நினைக்கிறார். ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால், ‘இன்னும் இல்லை, காபி மட்டும்தான்’ என்றுதானே நாம் பதில் சொல்கிறோம்? கேரளத்தில் பல இடங்களில் ‘காப்பி குடிச்சோ?’ என்ற கேள்விக்கே காலை உணவு ஆயிற்றா என்றுதான் பொருள். அங்கே காபி சாப்பாடு, இங்கே காபி சாப்பாடு இல்லை. சரி, ‘விரதம்’ என்று எழுதலாமா? அது இன்னும் ஆபத்து. விரதத்தில் பாலும் பழமும் உண்டு. கேரளத்தில் ‘ஒரிக்கல்’ என்று ஒருவேளைச் சோறு உண்டு மற்ற வேளைக்குப் பலகாரம் எடுக்கும் விரதம்கூட உண்டு. பக்தியோடு விரதம் இருந்து, வாழைப்பழம் தின்றுவிட்டு வந்தவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சொல்லைத் தேர்ந்தவர்கள் நாங்கள்.

இரண்டாவது: ‘நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது.’ பல ஆண்டுகளாக நாங்கள் அனுப்பி வந்தது இதுதான். நேரம் சொல்லிவிட்டதால் தெளிவு வந்துவிட்டது என்று நம்பினோம். ஆனால் எந்த 12 மணி? புதன்கிழமை பரிசோதனை என்றால் ‘புதன் 12 மணி’ என்று மருத்துவமனைக் கணினி சொல்வது செவ்வாய் இரவு படுக்கப் போகும் நேரத்தை. நம் மக்களுக்கோ பொழுது விடிந்தால்தான் புதன். அதனால் ‘புதன் 12 மணி’யைப் புதன் நண்பகலாகவோ புதன் இரவாகவோ வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சிக்கல் ‘எதுவும் சாப்பிடக்கூடாது’ என்பதில் தண்ணீர் அடங்குமா என்பது. தமிழில் தண்ணீர் சாப்பிடுகிறோம், காபி சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். அதனால் ஒரு சாரார் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு 180-க்கு மேல் அழுத்தத்தோடு வருகிறார்கள். இன்னொரு சாரார் மாத்திரை, தண்ணீர், வெற்றிலை எதையும் சாப்பாடாகக் கருதாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்த வடிவத்தின் பெரிய குறை வேறு. காலை ஒன்பது மணிக்காரருக்கு அது ஓரளவு பொருந்தும். மதியம் இரண்டு மணிக்குப் பரிசோதனை உள்ளவருக்கு நள்ளிரவிலிருந்து பதினான்கு மணி நேரப் பட்டினி. கடைசிச் சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் பதினெட்டு மணி நேரம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இது பட்டினியோடு நிற்காது. கை நடுங்கி, வியர்த்து, பஸ்ஸிலேயே மயங்கிச் சாயலாம். அவசியமே இல்லாத எட்டு மணி நேரத்தை அவர்கள் தலையில் சுமத்துகிறோம். இதை நான் மன்னிக்க முடியாத குறை என்றே சொல்வேன்.

மூன்றாவது வடிவம்: ‘பரிசோதனைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து உணவு வேண்டாம், 2 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் வேண்டாம்.’ மருத்துவ ரீதியாக இதில் ஒரு பிழையும் இல்லை. மருத்துவர்களுக்குப் பிடித்ததும் இதுதான். ஒரே தாளை எல்லோருக்கும் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் போடும் வேலை நோயாளியின் கையில் போய்ச் சேர்கிறது. எதிலிருந்து கழிப்பது? வரச் சொன்ன எட்டரையிலிருந்தா, குழாய் போடும் ஒன்பதிலிருந்தா, முன்னே நாலு பேர் இருப்பதால் பத்தரை ஆகும் என்று அவராகவே ஊகிப்பதிலிருந்தா? பத்தரை என்று ஊகித்தவர் எட்டரை மணி வரை தண்ணீர் குடிப்பார். முதல் இருவர் வராமல் போனால் அவரை எட்டே முக்காலுக்கே அழைப்போம். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் பத்து மூட்டைக் கணக்கை மனதிலேயே போடுபவர்தான். இருந்தாலும் நோயின் பயத்தில் இருக்கும்போது, பின்னோக்கி மணி எண்ணும் வேலையை அவரிடம் நான் தரமாட்டேன்.

நான்காவது வடிவம், ஒவ்வொருவருக்கும் கடிகார நேரத்தை நாங்களே கணக்கிட்டு, கிழமையோடும் தேதியோடும் எழுதித் தருவது. இதற்கு எங்கள் பக்கம் உழைப்பு வேண்டும். நேரம் மாறினால் தாளும் மாற வேண்டும், இல்லையென்றால் பழைய தாளே தவறான குறிப்பாகிவிடும். இதைத்தான் தேர்ந்தோம். ஆனால் தேர்ந்தபின்தான் உள்ளே எத்தனை சிறு முடிவுகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

முதலாவது, இரவு 10 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் இடையே எந்த நேரத்தையும் தாளில் எழுதுவதில்லை. காலை ஒன்பது மணிக்காரர் கணக்குப்படி மூன்று மணி வரைகூடச் சாப்பிடலாம். அந்த நேரத்தில் யாரும் சாப்பிடப் போவதில்லை. எழுதினால் கிழமைக் குழப்பம்தான் வரும். அதனால் செவ்வாய் இரவு 9 மணி என்று வைத்துக்கொண்டோம். படுக்கப் போவதற்கு முந்தைய நேரம், யாருக்கும் எந்த நாள் என்று சந்தேகம் வராது. தண்ணீருக்கான நேரத்தை, குழாய் போடும் நேரத்திலிருந்து கழிக்காமல் வரச் சொன்ன நேரத்திலிருந்து கழித்தோம். எட்டரைக்கு வருபவருக்கு ஆறரை. பட்டியல் முன்னே நகர்ந்தாலும் அவர் பாதுகாப்பாகவே இருப்பார்.

இரண்டாவது, ‘தெளிந்த திரவம்’ என்று எழுதுவதா, ‘தண்ணீர் மட்டும்’ என்று எழுதுவதா? இதில் எங்களுக்குள்ளேயே நெடுநேரம் விவாதம் நடந்தது. விதிப்படி பாலில்லாத கட்டன் சாயா, இளநீர் இரண்டுமே கூடும். கட்டன் சாயா இல்லாமல் காலையில் கண் திறக்காதவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம், அவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் ‘தெளிந்த’ என்ற சொல்லைத் திறந்துவிட்டால் பின்னாலேயே மோர் வருகிறது. அதற்கும் பின்னால் கஞ்சித் தண்ணீர் வருகிறது. மலையாளத்தில் அது ‘கஞ்ஞிவெள்ளம்’. தமிழிலும் மலையாளத்திலும் அதன் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, அதனால் குடிப்பவர் கண்ணில் அது தண்ணீர்தான். இரைப்பைக்கோ அது சோற்றின் மாவு. பதிமுகம் போட்டுக் காய்ச்சிய சிவந்த தண்ணீர் இன்னொன்று. அது தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே சிவப்பாக ஏதும் தேங்கியிருந்தால் பார்ப்பவரை ஒரு கணம் குழப்பிவிடும். கட்டன் சாயாவை இழப்பது சிறு இழப்பு, எல்லைக்கோடு கலங்குவது பெரிய இழப்பு. ‘பச்சைத் தண்ணீர் அல்லது வெந்நீர் மட்டும்’ என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது, மாத்திரைகள். இதைப் பொதுத்தாளில் அச்சடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்கிறோம். காலைச் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும், சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை தாழும் என்பதால், பெரும்பாலும் நிறுத்தி வைக்கவோ அளவு குறைக்கவோ சொல்கிறோம். ஆனால் இன்சுலினை முழுக்க நிறுத்தக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும் என்பதே காரணம். முதல் நாள் மாலை அழைத்துச் சொல்வதற்குள் அந்தக் காலம் கடந்திருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையில் தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். ‘சோதனைக்கு முன் மாத்திரைகளை நிறுத்தவும்’ என்ற ஒற்றை வரியைப் படித்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக அதை நிறுத்திவிடலாம். குழாய் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் அதைப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையே இல்லை. எனவே தேதி கொடுக்கும் அன்றே மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்லி, மருத்துவர் ஒவ்வொன்றின் பெயரையும் தன் கையால் எழுதுகிறார்.

இவ்வளவும் சேர்ந்து, காலை ஒன்பது மணிக்காரருக்கு இப்போது போகும் தாள் இது:

“14-ஆம் தேதி புதன்கிழமை உங்களுக்கு எண்டோஸ்கோப்பி. காலை 8.30 மணிக்கு வந்துவிடுங்கள்.

13-ஆம் தேதி செவ்வாய் இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போன்றவை போதும். பொரித்ததும் கறியும் கள்ளும் வேண்டாம்.

அதன்பிறகு புதன் காலை 6.30 மணி வரை தண்ணீர் மட்டும் குடியுங்கள். பால், டீ, காபி, மோர், கஞ்சித் தண்ணீர் எதுவும் குடிக்காதீர்கள்.

புதன் காலை 6.30 மணிக்குப் பிறகு தண்ணீரும் குடிக்காதீர்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, மிட்டாய் வேண்டாம். பல் தேய்க்கலாம்.

புதன் காலை 6 மணிக்கு ஒரு வாய் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை: (மருத்துவர் எழுதுவார்). அன்று காலை போடக் கூடாத மாத்திரை, ஊசி: (மருத்துவர் எழுதுவார்).

கை நடுங்கி வியர்த்தால் உடனே இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சோதனை தள்ளிப்போகுமே என்று பயப்படாதீர்கள். வந்ததும் எங்களிடம் சொல்லுங்கள்.”

மதியம் இரண்டு மணிக்காரரின் தாள் வேறு. அன்று காலை 7 மணிக்குள் இரண்டு இட்லி, ஒரு மணிக்கு வரச் சொல்வதால் காலை 11 மணி வரை தண்ணீர். முந்தைய வடிவம் கொடுத்த பதினான்கு மணி நேரம் ஏழாகிவிடுகிறது. இரண்டு தாளும் கலந்துவிடாமல் இருக்கக் காலைத் தாளை வெள்ளையிலும் மதியத் தாளை மஞ்சளிலும் அடிக்கிறோம்.

எந்த எழுத்தில் அடிப்பது என்பதும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளப் பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு மலையாள எழுத்து சிரமம். ஒரே தாளில் இரண்டையும் வரிக்கு வரி கலந்தால் இரண்டுமே படிக்க முடியாமல் போகிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று பிரித்தோம். நேரங்களை இரண்டு பக்கத்திலும் கையால் நிரப்புகிறோம். ஒரு பக்கத்தில் எழுதி மறுபக்கத்தை வெற்றாக விடும் தவறு தொடக்கத்தில் எங்களிடமே நடந்தது. இப்போது இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தாள் வெளியே போகிறது.

தாளோடு நிறுத்தலாமா, குரல் பதிவு அனுப்பலாமா, தொலைபேசியில் அழைக்கலாமா? படிக்கத் தெரியாத பாட்டிக்குக் குரல் பதிவு நல்லது. திரும்பத் திரும்பக் கேட்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். ஆனால் புரிந்ததா என்று அது திருப்பிக் கேட்காது. மேலும் ‘நாளை’ என்று பதிவு செய்ததை மறுநாள் காலை திறந்து கேட்டால் அந்த ‘நாளை’ ஒரு நாள் நகர்ந்துவிடும். எனவே பதிவிலும் ‘நாளை’, ‘இன்று இரவு’ என்ற சொற்கள் கூடாது, கிழமைதான். தொலைபேசிதான் என் தேர்வு. அதிலும் ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். “புதன்கிழமை காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? எத்தனை மணி வரை?” என்று கேட்கிறோம். பதிலில் டீ என்ற சொல் வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். எந்த மொழியில் பேசலாம் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். தமிழில் பேசுபவரிடம் ‘காலை’ என்றும் ‘குடிக்கலாம்’ என்றும் முழுதாகச் சொல்கிறோம். ஒரு நோயாளிக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் ஆகிறது.

இந்தத் தாள் எல்லோருக்கும் பொருந்தாது. உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத நோய் உள்ளவர்கள், இரைப்பையின் வாய் அடைபட்டு நேற்றைய சோற்றை இன்று வாந்தி எடுப்பவர்கள், எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ வார ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆகியோருக்கு ஆறு மணி நேரம் போதாமல் போகலாம். அவர்களுக்கு மருத்துவர் தனியாக எழுதித் தருகிறார். அந்தப் பெரியவரும் சாப்பாடு தடைபடுகிறது என்றுதானே வந்தார்? அதனால் இரண்டாம் முறை அவருக்கு முந்தைய நாள் மதியத்தோடு சோற்றை நிறுத்தி, இரவுக்குத் தெளிந்த ரசம் மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். செவ்வாய் மாலை நானே அழைத்தேன். காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“தண்ணீர்தான், சிஸ்டர். ஆறரை மணி வரைக்கும். டீயைத் திரும்பி வரும்போது கோவிந்தாபுரத்தில் குடித்துக்கொள்கிறேன்” என்றார். தொண்டை மரத்திருப்பது தெளிய ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை அதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அந்த வரி தாளில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே சேர்த்துவிட்டோம்.